3,000 ரூபாய்தான் வித்தியாசம் என்றால் புது சோபாவே வாங்கிவிடலாமா?

"எங்கள் வீட்டில் இருப்பது 3+1+1 தேக்கு சோபா. 2010இல் என் கல்யாணத்துக்கு அப்பா ஆசாரியை வைத்துச் செய்து கொடுத்தது. 2018இல் ஒருமுறை ரெக்சினும் ஃபோமும் மாற்றினோம். இப்போது அது செதில் செதிலாக உரிகிறது. உட்கார்ந்தால் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது. முழங்கால் வலி உள்ள என் மாமியாரைக் கைபிடித்துத் தூக்கிவிட வேண்டியிருக்கிறது. குஷன் கடைக்காரர் ஒரு சீட்டுக்கு 32 டென்சிட்டி ஃபோம் என்றால் 4,800 ரூபாய், 40 டென்சிட்டி என்றால் 6,000 என்கிறார். 5 சீட்டுக்கு 24,000 அல்லது 30,000. ஷோரூமில் எல் ஷேப் சோபா 38,000; பழையதுக்கு 5,000 கழித்து 33,000. 'மூவாயிரம்தானே வித்தியாசம், புதுசே வாங்கிடலாம்' என்கிறார் கணவர். கவரைப் பிரித்துப் பார்த்தால் ஃபோம் மஞ்சளாகிக் கிடக்கிறது. மட்டமானதைப் போட்டு ஏமாற்றிவிட்டார்களா? 40 டென்சிட்டி கட்டை மாதிரி இருக்குமோ என்றும் பயம். சின்னப் பிள்ளைகள் இருப்பதால் துடைக்க வசதியான ரெக்சினே நல்லதா?"
– திருச்சி வாசகி

அன்புள்ள சகோதரி,

30,000க்கும் 33,000க்கும் இடையே உள்ள வித்தியாசத்தை உங்கள் கணவர் சரியாகத்தான் கழித்திருக்கிறார். ஆனால் அந்த இரண்டு தொகைக்கும் கிடைக்கிற பொருள் வேறு வேறு. குஷன் கடைக்காரரிடம் கொடுக்கும் பணம் ஃபோம், துணி, கூலிக்கு மட்டும் போகிறது. மரச்சட்டம் ஏற்கெனவே உங்களுடையது. ஷோரூமில் கொடுக்கும் பணத்தில் மரம், சீட்டைத் தாங்கும் பெல்ட், ஃபோம், துணி, கடை வாடகை, லாபம், வரி எல்லாம் அடக்கம். ஆறு பேர் உட்காரும் எல் ஷேப் சோபாவை 38,000க்குக் கொடுக்க வேண்டுமென்றால் எங்கேயாவது குறைத்தாக வேண்டும். கண்ணுக்குத் தெரியும் துணியில் குறைக்க மாட்டார்கள். உள்ளே இருக்கும் மரத்திலும் ஃபோமிலும்தான் குறைப்பார்கள். அதனால் விலையை ஒப்பிடும் முன் உங்கள் சோபாவின் அடிப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். முடிவைச் சொல்லப்போவது அதுதான்.

முதலில் சோபாவைக் கவிழ்த்துப் பாருங்கள்

கவிழ்ப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. மூன்று பேர் உட்காரும் சோபாவின் முன்பக்க மூலை ஒன்றை அரையடி உயரம் தூக்குங்கள். அதற்குள் மறுபக்க முன்காலும் தரையை விட்டு எழும்பினால் சட்டம் திடமாக இருக்கிறது. ஒரு மூலை மேலே வந்த பிறகும் மறுகால் தரையிலேயே இருந்து, நடுவில் முறுக்கிக்கொண்டு கிரீச்சிட்டால் இணைப்புகள் தளர்ந்திருக்கின்றன. தளர்ந்த இணைப்பை ஆசாரி பசையும் ஸ்க்ரூவும் போட்டு இறுக்கிவிடலாம். அதற்காக சோபாவை விட்டுவிட வேண்டியதில்லை.

பிறகு கவிழ்த்து, அடியில் ஸ்டேப்ளர் பின் அடித்திருக்கும் கறுப்புத் துணியை ஒரு பக்கம் மட்டும் பிரியுங்கள். உள்ளே தெரியும் மரம் எது என்று பாருங்கள். "தேக்கு சோபா" என்று நாம் சொல்வதில் பெரும்பாலும் கைப்பிடி, கால், முன்பலகை என்று பாலிஷ் போட்டு வெளியே தெரியும் பாகம்தான் தேக்கு. உட்சட்டத்துக்கு நாட்டு மரம் போடுவது பழைய வழக்கம். அதில் தவறில்லை. ஆனால் உளுப்பூச்சி முதலில் தேடிப் போவது அந்த மரத்தைத்தான். குண்டூசித் தலை அளவுக்குத் துளைகள் இருந்து, தட்டினால் மாவு போல மரத்தூள் உதிர்ந்தால் பூச்சி இன்னும் உயிரோடு வேலை செய்துகொண்டிருக்கலாம். ஒரே ஒரு கட்டையில் இருந்தால் அதை மட்டும் மாற்றச் சொல்லலாம். நான்கைந்து கட்டைகளில் இருந்தாலோ, ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் முனை சுலபமாக இறங்கினாலோ, அந்தச் சட்டத்தின் மேல் 30,000 ரூபாய் போடாதீர்கள். அப்போது உங்கள் கணவர் சொல்வதுதான் சரி.

மரம் நன்றாக இருந்தால் அடுத்து பெல்ட். உட்கார்ந்தால் அமிழ்கிறது என்றதும் எல்லோரும் ஃபோமைத்தான் குறை சொல்கிறார்கள். என் அனுபவத்தில் பாதி வீடுகளில் குற்றவாளி ஃபோமுக்குக் கீழே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் எலாஸ்டிக் பெல்ட். விரலால் இழுத்து விடுங்கள். நல்ல பெல்ட் விறைப்பாகத் திரும்பி வரும். செத்த பெல்ட் பாவாடை நாடா போலத் தொங்கும். இரண்டு பெல்ட்டுக்கு இடையே இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விட்டிருந்தால், எவ்வளவு நல்ல ஃபோம் போட்டாலும் அந்தச் சந்துக்குள் அது பிதுங்கி இறங்கும். பழைய ஃபோமைத் திருப்பி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்த்தால் இது நன்றாகத் தெரியும்: பெல்ட் பட்ட இடம் வரிவரியாகப் பள்ளமாகவும், இடைப்பட்ட இடம் புடைத்தும் இருக்கும்.

2018இல் ரெக்சின் மாற்றியபோது பெல்ட்டையும் மாற்றினார்களா என்று பழைய பில்லைப் பாருங்கள், இல்லை நினைவுபடுத்திப் பாருங்கள். மாற்றவில்லை என்றால் அந்த பெல்ட்டுக்கு வயது பதினைந்துக்கு மேல். இப்போது வாங்கியிருக்கும் விலையிலும் "பெல்ட் மாற்றுவது சேர்த்தா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சேர்த்திருக்க மாட்டார்கள். புது ஃபோம், புதுத் துணி, பழைய பெல்ட் என்று செய்து முடித்தால் ஆறு மாதத்தில் மறுபடியும் பள்ளம் விழும். பழி முழுதும் ஃபோம் மேல் வரும்.

டென்சிட்டி என்பது எடை, கடினம் அல்ல

மஞ்சள் நிறத்துக்கு வருவோம். உங்களை யாரும் ஏமாற்றியதாக அதை வைத்துச் சொல்ல முடியாது. பாலியூரித்தேன் ஃபோம் காற்றும் வெளிச்சமும் பட்டால் மஞ்சளாகும். விலை உயர்ந்த ஃபோமும் அப்படித்தான். பார்க்க வேண்டியது வேறு. உள்ளங்கையால் அழுத்தி எடுத்தால் உடனே எழும்புகிறதா, இரண்டு விரலால் கிள்ளினால் பொடியாக உதிர்கிறதா? எழும்பாமல் பள்ளமாகவே நின்றாலோ, பொடிந்தாலோ அதன் காலம் முடிந்துவிட்டது. எட்டு வருடம் உழைத்த ஃபோம் அப்படி ஆவது இயல்பே.

40 டென்சிட்டி என்றால் ஒரு கன மீட்டர் ஃபோமின் எடை 40 கிலோ, அவ்வளவுதான். அதில் மெத்தென்றும் செய்யலாம், கெட்டியாகவும் செய்யலாம்; அந்த அளவு தனி. டென்சிட்டி உங்களுக்குச் சொல்வது, எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதை. எடை கூடக் கூட ஃபோமில் சரக்கு அதிகம். அதனால் ஆயிரம் முறை அமுங்கினாலும் பழைய உயரத்துக்குத் திரும்பும். நாள் முழுதும் ஆள் உட்காரும் சீட்டில் 28, 32 டென்சிட்டி போட்டால் இரண்டு மூன்று வருடத்தில் தளரத் தொடங்கும். 40 அதைவிடப் பல வருடம் தாங்கும். "கட்டை மாதிரி" இருக்கும் பயத்துக்கு வழி உண்டு. நான்கு அங்குலம் 40 டென்சிட்டி, அதன் மேல் ஓர் அங்குலம் சூப்பர் சாஃப்ட், அதற்கு மேல் மெல்லிய ஃபைபர் பஞ்சு என்று அடுக்கச் சொல்லுங்கள். உட்காரும்போது மேல் அடுக்கு மெத்தென்று வாங்கிக்கொள்ளும், கீழ் அடுக்கு தாங்கிப் பிடிக்கும்.

அதோடு, எல்லா இடத்துக்கும் 40 தேவையில்லை. முதுகு சாயும் இடத்தில் உடம்பின் எடை சிறிதுதான் விழுகிறது; அங்கே கெட்டி ஃபோம் போட்டால் உங்களைத் தள்ளிவிடுவது போல இருக்கும். முதுகுக்கு 28 அல்லது 32 போதும். கைப்பிடிக்கு மெல்லிய சாதாரண ஃபோமே போதும். கடைக்காரர்கள் "முழுதும் 40" என்று ஒரே விலை சொல்வதற்குக் காரணம், கணக்கு அவர்களுக்குச் சுலபம் என்பது மட்டுமே.

சொன்ன ஃபோமைத்தான் போடுகிறார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது? கையால் அழுத்திப் பார்த்து டென்சிட்டி சொல்ல அனுபவசாலிகளாலும் முடியாது. தராசு சொல்லும். உங்கள் சீட் 22 அங்குலச் சதுரம், நான்கு அங்குல கனம் என்று வைத்துக்கொள்வோம். நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கினால் 1,936. அதை 61,024ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். அதை 40ஆல் பெருக்கினால் எடை. உங்கள் சீட்டுக்கு 40 டென்சிட்டியில் சுமார் 1 கிலோ 270 கிராம், 32 டென்சிட்டியில் சுமார் 1 கிலோ 15 கிராம், 28 டென்சிட்டியில் 890 கிராம். 40 என்று சொன்ன துண்டு 1 கிலோ 200 கிராமுக்குக் குறையாமல் இருந்தால் ஏற்றுக்கொள்ளலாம். ஃபோமை வெட்டிய பிறகு, பசை தடவி அடுக்கும் முன், ஒரு துண்டை உங்கள் முன்னால் தராசில் வைக்கச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரர் இதற்குக் கோபப்பட மாட்டார்.

எடை சரியாக இருந்தும் சந்தேகப்பட ஓர் இடம் உண்டு. மலிவான ஃபோமில் சுண்ணாம்புத் தூள் போன்ற நிரப்பியைக் கலந்து எடையைக் கூட்டுவார்கள். அப்படிப்பட்ட ஃபோம் அழுத்தினால் சோம்பலாக எழும்பும், ஓரத்தைப் பிய்த்தால் சட்டென்று கிழியும், தேய்த்தால் விரலில் வெண்பொடி ஒட்டும். எடையையும் எழும்பும் வேகத்தையும் சேர்த்துப் பாருங்கள்.

இந்த எடைக் கணக்கு உங்களுக்குப் பேரம் பேசவும் உதவும். 32க்கும் 40க்கும் சீட்டில் வரும் எடை வித்தியாசம் கால் கிலோ. முதுகையும் சேர்த்தாலே அரை கிலோவைத் தாண்டுவது கடினம். ஒரு கிலோ ஃபோம் சில நூறு ரூபாய். அப்படியிருக்க ஒரு சீட்டுக்கு 1,200 கூட்டிக் கேட்பது அதிகம். ஃபோமின் ரகமே வேறு என்று கடைக்காரர் சொன்னால், எந்த கம்பெனி, எந்த ரகம் என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

ரெக்சின் பற்றி

பிள்ளைகள் இருக்கும் வீட்டில் துடைத்தால் போகும் என்பது நியாயமான காரணம். ஆனால் உங்கள் வீட்டில் எட்டு வருடத்தில் உரிந்தது மறுபடியும் உரியும். ரெக்சினில் இரண்டு வகை. பிவிசி ரெக்சினில் வளைந்துகொடுக்கச் சேர்த்திருக்கும் எண்ணெய்ப் பொருள் மெல்ல மெல்ல வெளியேறும். வியர்வையும் தலையில் வைக்கும் தேங்காய் எண்ணெயும் அதை விரைவாக்கும். பிறகு விறைத்து, வெடிக்கும். தோல் போலவே மெத்தென்று இருக்கும் இன்னொரு வகை, பியு லெதரெட். அதன் மேல்பூச்சு காற்றின் ஈரத்தாலேயே சிதைந்து செதிலாக உரியும். யாரும் உட்காராமல் மூடிவைத்திருந்தாலும் உரியும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது. ஷோரூம் எல் ஷேப்பின் மேலுறை பியு லெதரெட்டாக இருந்தால் அந்தப் பேச்சை அதோடு நிறுத்திவிடலாம்.

நான் சொல்வது, நெருக்கமாக நெய்த பாலியெஸ்டர் துணி, நடுத்தரமான அழுத்த நிறம். கடையில் துணியை இரண்டு கட்டைவிரலாலும் குறுக்காக இழுத்துப் பாருங்கள். இழைகள் விலகி வெளிச்சம் தெரிந்தால் தையல் ஓரத்தில் அது விரைவில் பிய்யும். சாம்பிள் புத்தகத்தின் பின்பக்கம் மார்ட்டின்டேல் என்று ஓர் எண் இருக்கும். தேய்ப்பைத் தாங்கும் அளவு அது. தினமும் புழங்கும் சோபாவுக்கு 25,000 அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். சீட் உறைக்கு ஜிப் வைக்கச் சொல்லுங்கள். கழற்றித் துவைக்க முடிந்தால் ரெக்சினின் ஒரே லாபமும் துணியிலேயே கிடைத்துவிடும். தலை படும் இடத்துக்கு அதே துணியில் தனி விரிப்பு இரண்டு தைத்து வாங்கினால் எண்ணெய்க் கறைக்கும் வழி ஆயிற்று.

54 அங்குல அகலத் துணி உங்கள் செட்டுக்கு ஏறக்குறைய 16 மீட்டர் வேண்டும். பெரிய பூ, கோடு என்றால் வரிசை பொருத்த இன்னும் கூடும். எனவே மீட்டருக்கு 100 ரூபாய் உயர்த்தினால் மொத்தத்தில் 1,600தான் கூடுகிறது. கூலி எந்தத் துணிக்கும் ஒன்றுதான் என்பதால் துணியில் கொஞ்சம் தாராளமாக இருங்கள்.

உங்கள் மாமியாருக்கு

இந்தக் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அவர்தான். முழங்கால் வலி உள்ளவர் எழுந்திருக்க உதவுவது சீட்டின் உயரமும் பிடித்து ஊன்றக் கைப்பிடியும். ஆள் உட்கார்ந்து ஃபோம் அமுங்கிய பிறகும் சீட் அவருடைய முழங்கால் மடிப்பு உயரத்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். இப்போது வரும் எல் ஷேப் சோபாக்கள் பல தாழ்வானவை, ஆழமானவை. நீட்டிப் படுக்கும் பக்கத்தில் கைப்பிடியே கிடையாது. அவரை ஷோரூமுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து, யாரும் கை கொடுக்காமல் எழச் சொல்லிப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

பழைய சோபாவில் அவர் உட்காரும் ஒற்றை சீட்டுக்கு மட்டும் ஓர் அங்குலம் கூடுதல் கனம் போடச் சொல்லலாம். அதற்கு மேல் வேண்டாம். சீட் ஏற ஏறக் கைப்பிடி தாழ்ந்து போகும், ஊன்ற முடியாது.

கணக்கை மறுபடி போட்டால்

சட்டம் நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். 32 டென்சிட்டி விலையான 24,000ஐ அடிப்படையாக எடுங்கள். ஐந்து சீட்டுக்கு மட்டும் 40க்கு மாற்ற ஒன்றுக்கு 400 வீதம் 2,000 கேட்டுப் பேசுங்கள். பெல்ட் முழுதும் புதிதாகப் போட 2,500 என்று வைப்போம். மொத்தம் 28,500. ஷோரூம் சோபாவுக்கும் இதற்கும் 4,500 வித்தியாசம். அந்த 4,500ஐக் கூடக் கொடுத்து, கைவசம் உள்ள தேக்கையும் 5,000க்குக் கொடுத்துவிட்டு, உள்ளே என்ன மரம் என்று தெரியாத ஒன்றை வாங்குவதா என்பதுதான் நீங்களும் கணவரும் சேர்ந்து யோசிக்க வேண்டிய கேள்வி. என் கருத்து, வேண்டாம். ஷோரூம்காரர் மரத்தின் பெயர், சீட் ஃபோமின் டென்சிட்டி இரண்டையும் பில்லில் எழுதித் தரத் தயாராக இருந்தால் மட்டும் மறுபரிசீலனை செய்யலாம். சட்டம் உளுத்துப்போய்ப் புதிதுதான் வாங்க வேண்டும் என்றாலும், தேக்குக் கைப்பிடிகளையும் பலகைகளையும் பழைய மரம் வாங்குபவரிடம் விலை கேட்ட பிறகு எக்ஸ்சேஞ்சுக்குச் சம்மதியுங்கள்.

வேலையை இப்படிக் கொடுங்கள். துணி முழுவதையும் ஒரே நாளில், ஒரே தானில் வாங்கிவிடுங்கள். அடுத்த மாதம் வரும் தானில் நிறம் ஒரு சாயல் மாறும். ஆனால் முதலில் மாமியாரின் ஒற்றை சீட்டை மட்டும் செய்யச் சொல்லுங்கள். இரண்டு வாரம் அவர் உட்கார்ந்து பார்க்கட்டும். உயரம், மென்மை, தையல் எல்லாம் திருப்தி என்றால் மற்றவற்றைக் கொடுங்கள். கால்வாசிக்கு மேல் முன்பணம் தராதீர்கள்.

பில்லில் ஃபோம் டென்சிட்டி, கனம், துணியின் பெயர், பெல்ட் புதிது என்ற வரி, எத்தனை மாத உத்தரவாதம் என்பவை எழுத்தில் இருக்கட்டும். ஷோரூமின் "5 வருட வாரண்டி" பெரும்பாலும் மரச்சட்டத்துக்கு மட்டும். ஃபோமும் துணியும் அதில் வருகிறதா என்று படித்துப் பாருங்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளுக்கு மட்டுமல்ல, குஷன் வேலை போன்ற சேவைக்கும் பொருந்தும். சொன்னதற்கு மாறாக நடந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் சொல்லலாம். அதில் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் மனுக் கட்டணம் இல்லை. அங்கே உங்கள் கையில் இருக்க வேண்டியவை அந்த பில்லும், தராசில் ஃபோம் இருக்கும்போது நீங்கள் எடுத்த போட்டோவும்.